மின்னஞ்சல் நின்றது, பணம் நிற்கவில்லை

2025 பிப்ரவரி 3ஆம் தேதி, பணம் கட்டிப் பயன்படுத்தும் ஓர் இணையச் சேவையின் மின்னஞ்சலில் அவர் ‘Unsubscribe’ என்பதை அழுத்தினார். அதற்குப் பிறகும் பிப்ரவரி முதல் ஜூன் வரை, ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி, அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து 799 ரூபாய் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. ஐந்து மாதத்துக்கு 3,995 ரூபாய். அந்த ஐந்து மாதங்களில் அந்தச் சேவையை அவர் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

அவர் திருச்சியில் வீட்டு மாடியில் தையல் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர். பொங்கலுக்குப் பிறகு தொடங்கும் புதிய வகுப்புக்கு விளம்பரம் செய்ய, படங்களும் சிறு காணொளிகளும் வடிவமைக்க உதவும் அந்த இணையச் சேவையில் ஜனவரி 6ஆம் தேதி சேர்ந்தார். முதல் 14 நாள் இலவசம், அதன் பிறகு மாதம் 799 ரூபாய். இலவச நாட்களுக்கே, மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் யுபிஐ ஆட்டோபே அனுமதி கேட்டார்கள். இரண்டு ரூபாய் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள்; இவரும் பின் எண்ணைப் போட்டு அனுமதி கொடுத்தார். விளம்பரப் படம் தயாரானது, வகுப்பும் நிரம்பியது. ஜனவரி 20ஆம் தேதி முதல் மாதக் கட்டணம் போனபோது ரசீதும் மின்னஞ்சலில் வந்தது. அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை, வேலை நடந்ததற்கான காசு என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு மின்னஞ்சல்கள் குவியத் தொடங்கின. புதிய வார்ப்புருக்கள், சலுகைகள், ‘இப்படிச் செய்து பாருங்கள்’ என்ற யோசனைகள் என்று நாளுக்கு இரண்டு, மூன்று. இனி இது வேண்டாம் என்று முடிவெடுத்து ‘Unsubscribe’ அழுத்தினார். மின்னஞ்சல் நின்றது. சேவையும் நின்றுவிட்டது என்று நம்பினார்.

அவருடைய வரவு செலவுக் கணக்கை எழுதித் தருவது நான்தான். ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டுக் கணக்கை ஜூலை முதல் வாரத்தில் எடுத்தபோது, ரசீது இல்லாத மூன்று 799 ரூபாய்கள் கண்ணில் பட்டன. வங்கி அறிக்கையில் சேவையின் பெயர் இல்லை. அவர்களுக்காகப் பணம் வசூலித்துத் தரும் இடைநிறுவனத்தின் பெயர்தான் இருந்தது. என்ன செலவு என்று கேட்டதற்கு முதலில் அவருக்கும் பிடிபடவில்லை. 20ஆம் தேதி, 799 என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னதும் நினைவு வந்துவிட்டது. “அதை அப்போதே நிறுத்திவிட்டேனே சார். மெயில்கூட வருவதில்லையே” என்றார்.

இந்த நிகழ்வை விரிவாக எழுதக் காரணம் அந்தக் கடைசி வாக்கியம்தான். மின்னஞ்சல் வரவில்லை என்பதையே சந்தா முடிந்ததற்கான சான்றாக அவர் வைத்திருந்தார். உண்மையில் நடந்தது வேறு. பணம் போவதை அவருக்குத் தெரிவித்துக்கொண்டிருந்த வழியைத்தான் அந்த அழுத்தல் அடைத்தது. போகிற பணத்தை அது தொடவே இல்லை.

அந்தப் பொத்தான் என்ன செய்தது

ஜிமெயிலில் விளம்பர மின்னஞ்சலைத் திறந்தால், அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே ‘Unsubscribe’ தெரியும். அதை ஜிமெயில் தானாகக் கண்டுபிடித்து வைப்பதில்லை. மின்னஞ்சலோடு சேர்த்து, நம் கண்ணுக்குத் தெரியாத தலைப்பு வரிகளில் அனுப்புநரே எழுதி அனுப்புகிறார். மூன்று புள்ளிப் பட்டியலில் ‘Show original’ என்பதைத் திறந்தால் அவை தெரியும். ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
List-Unsubscribe: <https://example.com/u/7f3a9c>
List-Unsubscribe-Post: List-Unsubscribe=One-Click
```

பொத்தானை அழுத்தியதும் ஜிமெயில் அந்த முகவரிக்கு ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. முகவரியின் கடைசியில் இருக்கும் குறியீடு எந்த மின்னஞ்சல் முகவரியை எந்தப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது. இந்த முறையை வரையறுத்த 2017ஆம் ஆண்டின் இணையத் தரநிலை, RFC 8058, ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறது: அந்தக் கோரிக்கையோடு குக்கீயோ உள்நுழைவு அடையாளமோ போகக் கூடாது. அதாவது அழுத்தியவர் யார், அவருக்கு அந்தச் சேவையில் கணக்கு உண்டா, கட்டணத் திட்டத்தில் இருக்கிறாரா என்பவை எதுவும் அந்தக் கோரிக்கையில் இல்லை. அதை வாங்கிக்கொள்ளும் கணினி, ஒரு முகவரியை ஒரு பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு வேலையை முடித்துக்கொள்கிறது.

இது குறைபாடு என்று நான் நினைக்கவில்லை. ஒரு விளம்பர மின்னஞ்சலை நாம் தங்கைக்கு அனுப்பி வைத்தால், அதன் அடியில் இருக்கும் நீக்கல் இணைப்பும் அப்படியே போகிறது. தங்கை அதை அழுத்தினால் நமக்கு மின்னஞ்சல் நிற்கலாம், போனால் போகட்டும். அதே அழுத்தலில் நம்முடைய கட்டணத் திட்டமும் ரத்தாகி, சேமித்து வைத்த வேலைகளும் பூட்டிக்கொண்டால் அது பெரிய இழப்பு. அலுவலகங்களில் இருக்கும் பாதுகாப்பு மென்பொருள்களும் மின்னஞ்சலில் வரும் இணைப்புகளை ஆபத்தானவையா என்று தாமாகவே திறந்து சோதிக்கின்றன. அப்படித் திறக்கப்பட்டே பலர் அறியாமல் பட்டியல்களிலிருந்து நீக்கப்பட்டதும் இந்தத் தரநிலை உருவாக ஒரு காரணம். இப்படி யார் வேண்டுமானாலும், எது வேண்டுமானாலும் அழுத்திவிடக்கூடிய ஒரு பொத்தானைப் பணம் சம்பந்தப்பட்ட முடிவோடு இணைக்காமல் வைத்திருப்பதுதான் சரி.

சரியில்லாதது வேறொன்று. பணம் கட்டுகிற வாடிக்கையாளர் ஒருவர் நீக்கல் பக்கத்துக்கு வந்திருக்கிறார் என்பது பல நிறுவனங்களுக்கு அவருடைய முகவரியை வைத்தே தெரியும். அந்த இடத்தில் ‘உங்கள் கட்டணத் திட்டம் தொடர்கிறது, அதை நிறுத்த வேண்டுமானால் இங்கே போங்கள்’ என்று ஒரு வரி எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை. இவர் போன பக்கத்தில் அந்த வரி இல்லை. ‘நீங்கள் நீக்கப்பட்டுவிட்டீர்கள், இனி தொந்தரவு செய்ய மாட்டோம்’ என்பதுபோல் மட்டும் இருந்தது. அதைப் படிக்கிற யாரும் முழுதாக விலகிவிட்டோம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

பெயரும் குழப்பத்தைக் கூட்டுகிறது. 2025 ஜூலையில் ஜிமெயில் ‘Manage subscriptions’ என்ற பக்கத்தைக் கொண்டுவந்தது. அங்கே இருப்பது நமக்கு அடிக்கடி மின்னஞ்சல் அனுப்புகிறவர்களின் பட்டியல். அதே கூகுளின் பிளே ஸ்டோரில் ‘Payments & subscriptions’ என்ற இடத்தில் இருப்பது பணம் கட்டும் சந்தாக்களின் பட்டியல். முதல் பட்டியலில் ஒரு பெயரை நீக்கினால் இரண்டாவதில் எதுவும் அசையாது.

ரசீதும் ஏன் நின்றது

இதுவரை சொன்னது பலருக்கும் ஓரளவு தெரிந்திருக்கலாம். இந்த நிகழ்வில் நான் நேரம் செலவிட்டது அடுத்த கேள்விக்கு. விளம்பரம் நின்றாலும் ரசீது வந்திருக்க வேண்டுமே. ஜனவரி ரசீது அவருடைய அஞ்சல் பெட்டியில் பத்திரமாக இருந்தது. பிப்ரவரி முதல் ஒன்றுகூட இல்லை. ஸ்பேம் பெட்டியிலும் குப்பைப் பெட்டியிலும் தேடினோம், அங்கும் இல்லை.

மின்னஞ்சல்களைப் பொதுவாக இரண்டாகப் பிரிப்பார்கள். விற்பதற்காக அனுப்பப்படுவது ஒன்று. ஏற்கெனவே நடந்த வாங்கலைப் பற்றி, கணக்கைப் பற்றித் தெரிவிக்க அனுப்பப்படும் ரசீது, கடவுச்சொல் மாற்றம், கட்டண நினைவூட்டல் போன்றவை மற்றொன்று. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு கேன்-ஸ்பேம் சட்டமே இந்தப் பிரிவினையை வைத்திருக்கிறது: வேண்டாம் என்று சொன்னால் நிறுத்தியே ஆக வேண்டிய கட்டாயம் விற்பனை மின்னஞ்சலுக்குத்தான். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மின்னஞ்சல்களுக்கு மேல் அனுப்புகிறவர்கள் ஒற்றை அழுத்தலில் விலகும் வசதியைத் தர வேண்டும் என்று கூகுள் 2024இல் கொண்டுவந்த விதியும் விளம்பர மின்னஞ்சல்களுக்குத்தான் பொருந்தும். ஆகவே ஒழுங்காக நடத்தப்படும் நிறுவனத்தில், விளம்பரத்தை நிறுத்தினாலும் ரசீது வந்துகொண்டே இருக்கும்.

இவர் விஷயத்தில் நடந்ததைத் தேதிவாரியாக வைத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. பிப்ரவரி 3ஆம் தேதி ஜிமெயிலின் மேல் பொத்தானை அழுத்தியதும் சலுகை மின்னஞ்சல்கள் நின்றன. ஆனால் யோசனை மின்னஞ்சல்கள் அதே நிறுவனத்தின் வேறொரு பட்டியலிலிருந்து வந்தவை என்பதால் அன்று மாலையும் ஒன்று வந்தது. எரிச்சலில் அவர் இந்த முறை அந்த மின்னஞ்சலின் அடியில் இருந்த சிறிய இணைப்பைத் திறந்தார். ஒரு பக்கம் வந்தது. அதில் பட்டியல் பட்டியலாகத் தேர்வுக் கட்டங்கள். எல்லாவற்றுக்கும் கீழே ‘Unsubscribe from all’. அதை அழுத்தினார்.

பெரும்பாலான நிறுவனங்கள் மின்னஞ்சலைத் தாங்களே அனுப்புவதில்லை. மொத்தமாக அனுப்பித் தருவதற்கென்று இருக்கும் சேவைகள் வழியாக அனுப்புகின்றன. அந்தச் சேவைகளில், குறிப்பிட்ட பட்டியலிலிருந்து விலகுவது ஒன்று, அந்த நிறுவனத்திடமிருந்து எதுவுமே வேண்டாம் என்று தடைப் பட்டியலில் சேர்வது இன்னொன்று. முகவரி தடைப் பட்டியலில் ஏறிவிட்டால், ரசீதையும் அதே வழியாக அனுப்புகிற நிறுவனம் அனுப்ப முயன்றாலும் அது வெளியே போகாது. ரசீதுக்கு மட்டும் விலக்கு என்று தனியாக அமைத்து வைத்திருக்க வேண்டும். இந்த நிறுவனம் அமைத்து வைக்கவில்லை. பின்னர் கணக்குப் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தபோது ஆறு மாத விலைப்பட்டியல்களும் அங்கே வரிசையாக இருந்தன. தயாரிக்கப்பட்டிருந்தன, வந்து சேரவில்லை.

இதே விளைவு வேறு வழியிலும் வரலாம். விளம்பரத்தை ‘Report spam’ என்று தள்ளிக்கொண்டே இருந்தால், அதே முகவரியிலிருந்து வரும் ரசீதும் சில நாட்களில் ஸ்பேம் பெட்டிக்குப் போகத் தொடங்கும். ஆகவே பணம் கட்டும் சேவை ஒன்றிலிருந்து மின்னஞ்சல் திடீரென்று அடியோடு நின்றால், சந்தா முடிந்தது என்று நினைக்காமல் வங்கி அறிக்கையைப் பார்க்க வேண்டும். விளம்பரம் நின்று ரசீது தொடர்ந்தால் விலகல் சரியாக வேலை செய்கிறது, சந்தாவும் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

வங்கி சொல்லியிருக்க வேண்டாமா

சொல்லியது. இந்தியாவில் இது நல்ல ஏற்பாடு. பலர் கவனிப்பதில்லை என்பதுதான் வருத்தம். தானாகப் பணம் எடுக்கும் அனுமதிக்கு ரிசர்வ் வங்கி 2019இல் கார்டுகளுக்கும் 2020இல் யுபிஐக்கும் விதிகள் வகுத்தது. பணம் எடுக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். யார் எடுக்கிறார்கள், எவ்வளவு, எப்போது, எந்த அனுமதியின் பேரில், எதற்காக என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இந்தத் தகவலுக்கும் நிறுவனத்தின் மின்னஞ்சல் பட்டியலுக்கும் தொடர்பே கிடையாது. எத்தனை முறை ‘Unsubscribe’ அழுத்தினாலும் இது வரும்.

இவருக்கும் வந்திருக்கிறது. வங்கிக் கணக்கோடு இணைந்த எண், வகுப்புக்கு வருகிறவர்கள் அழைப்பதற்கென்று வைத்திருக்கும் இரண்டாவது கைப்பேசியில் இருந்தது. அதில் குறுஞ்செய்திகள் படிக்கப்படாமல் நூற்றுக்கணக்கில் கிடந்தன. பிப்ரவரி 19, மார்ச் 19 என்று தேடியபோது ஒவ்வொரு மாதமும் ஒரு செய்தி இருந்தது. அதிலும் இடைநிறுவனத்தின் பெயர்தான் முன்னால் நின்றது. பெயர் தெரியாத எவரோ என்று கடந்து போக நல்ல வாய்ப்புண்டு. ஆனால் தொகையும் தேதியும் தெளிவாக இருந்தன.

15,000 ரூபாய்க்குள் இருக்கும் தொகைக்கு ஒவ்வொரு முறையும் பின் எண் கேட்கப்படுவதில்லை. முதல் நாள் அனுமதி கொடுத்தபோது போட்ட பின் எண்ணே எல்லா மாதத்துக்கும் போதும். யுபிஐ செயலியில் இந்த அனுமதியின் விவரத்தைத் திறந்தபோது, அதிகபட்சத் தொகை 5,000 ரூபாய் என்றும் முடியும் தேதி 30 ஆண்டு தள்ளியும் இருந்தது. மாதம் 799 என்று சொல்லி வாங்கிய அனுமதி இது. நிறுவனம் நாளை விலையை உயர்த்தினாலும் புதிதாகப் பின் எண் கேட்காமலே எடுக்க அந்த அனுமதி இடம் கொடுக்கிறது. ஆட்டோபே அனுமதி கொடுக்கும் திரையில் பெரிய எழுத்தில் தெரியும் தொகையோடு நிறுத்திக்கொள்ளாமல், அதிகபட்சத் தொகையையும் முடியும் தேதியையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சீட்டுக் கம்பெனியின் ஆண்டு விழா அழைப்பிதழை இனி அனுப்ப வேண்டாம் என்று சொன்னால் மாதத் தவணை நின்றுவிடும் என்று யாரும் நினைப்பதில்லை. இங்கே அழைப்பிதழ், சீட்டு, வங்கிக்குக் கொடுத்த உத்தரவு ஆகிய மூன்றும் மூன்று தனி ஏடுகளில் இருக்கின்றன. மின்னஞ்சல் பட்டியல் அனுப்பும் சேவையிடம் இருக்கிறது. கட்டணத் திட்டம் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறது. பணம் எடுக்கும் அனுமதி வங்கியிலும் யுபிஐயிலும் இருக்கிறது. ஒன்றில் கோடு போட்டால் மற்றதில் விழாது.

நிறுத்திய விதம்

அடுத்த கட்டணம் ஜூலை 20ஆம் தேதி. நாங்கள் உட்கார்ந்தது 8ஆம் தேதி. முதலில் சேவையின் கணக்குக்குள் நுழைய வேண்டியிருந்தது. இங்கேயே ஒரு சறுக்கல் வந்தது. அவர் தன் மின்னஞ்சல் முகவரியைப் போட்டு, புதிய கடவுச்சொல் வைத்து நுழைந்தார். உள்ளே ‘Free plan’ என்று காட்டியது. அதைக் கண்டதும் சந்தாவே இல்லை போலிருக்கிறது, வேறு யாரோ பணம் எடுக்கிறார்கள் என்று பயந்துவிட்டார். உண்மையில் ஜனவரியில் கைப்பேசி எண்ணைக் கொடுத்துச் சேர்ந்திருந்தார். ரசீதுக்காக மட்டும் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தார். இப்போது மின்னஞ்சல் வழியே நுழைய முயன்றதும் புதிதாக ஒரு காலிக் கணக்கு உருவாகியிருக்கிறது. ஜனவரி ரசீதில் இருந்த வாடிக்கையாளர் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, கைப்பேசி எண்ணால் நுழைந்தபோதுதான் உண்மையான கணக்கு திறந்தது. கட்டணம் போகிறது, கணக்கில் திட்டம் இல்லை என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். பழைய ரசீது ஒன்று கையில் இருப்பது அப்போது மிகவும் உதவும்.

ரத்து செய்யும் இடம் ‘Billing’ பகுதியின் அடியில் இருந்தது. ‘Cancel plan’ அழுத்தியதும் முதலில் இரண்டு மாதம் நிறுத்தி வைக்கலாமே என்றது ஒரு திரை. அடுத்தது மூன்று மாதத்துக்குப் பாதி விலை என்றது. அதற்கடுத்தது ஏன் போகிறீர்கள் என்று கேட்டது. ஒவ்வொன்றிலும் பெரிய வண்ணப் பொத்தான் இருக்கச் சொல்வது; போகச் சொல்வது சாம்பல் நிறத்தில் சிறிய எழுத்து. பாதியில் விட்டால் ரத்தாகாது. காரணத்தைச் சொல்லிவிட்டதால் முடிந்தது என்று அந்த இடத்தில் மூடிவிடுகிறவர்கள் உண்டு. கடைசித் திரையில் திட்டம் ஜூலை 20ஆம் தேதியோடு முடியும் என்று தேதி போட்டு வந்த பிறகுதான் ரத்து உறுதியானது. அந்தத் தேதி வரை சேவை திறந்தே இருக்கும், கட்டிய மாதம் வீணாவதில்லை.

வழக்கமாக இந்த இடத்தில் உறுதி மின்னஞ்சல் வரும். இவருக்கு வராது, முகவரிதான் தடைப் பட்டியலில் இருக்கிறதே. ஆகவே கடைசித் திரையைப் படம் பிடித்து வைத்தோம். மின்னஞ்சல் விருப்பப் பக்கத்தில் கணக்கு, கட்டணம் பற்றிய செய்திகளை மட்டும் மறுபடி அனுமதித்தோம்.

அதற்குப் பிறகே யுபிஐ அனுமதியை நீக்கப் போனோம். முதலில் அவர் தினமும் பயன்படுத்தும் செயலியில் தேடினார். அங்கே எந்த ஆட்டோபேயும் இல்லை. ஜனவரியில் அனுமதி கொடுத்தது இரண்டாவது கைப்பேசியில் இருந்த வேறொரு செயலியில். அங்கே போய், ஆட்டோபே பகுதியில் நடப்பில் இருந்த அனுமதியைத் திறந்து நீக்கச் சொன்னதும் பின் எண் கேட்டது. போட்டதும் நிலை மாறியது.

வங்கி அனுமதியை நீக்கினால் போதாதா, அந்த நீண்ட ரத்து வேலை எதற்கு என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அனுமதியை மட்டும் நீக்கினால் பணம் போவது நிற்கும். ஆனால் நிறுவனத்தின் ஏட்டில் அவர் வாடிக்கையாளராகவே இருப்பார், கட்டணம் வராத வாடிக்கையாளராக. இவருடையதுபோல் மாதத் திட்டமானால் சில நினைவூட்டல்களுக்குப் பிறகு பெரும்பாலும் அவர்களே கணக்கை மூடுவார்கள். ஓராண்டுக்கு ஒப்புக்கொண்டு மாதத் தவணையில் கட்டும் திட்டமானால் மீதி மாதங்களுக்கான தொகை பாக்கியாக நிற்கும். அதனால் திட்டத்தை முதலில் ரத்து செய்துவிட்டு, அனுமதியை அடுத்து நீக்குவது நல்லது. நிறுவனம் ஒத்துழைக்கவில்லை, கட்டணத் தேதி நாளைக்கே என்றால் மட்டும் வரிசையை மாற்றலாம்.

கார்டில் கொடுத்த அனுமதியானால், அந்தக் கார்டைக் கொடுத்த வங்கியின் இணையதளத்தில் அல்லது செயலியில் நீக்க வேண்டும். கைப்பேசிச் செயலிக்குள்ளேயே கூகுள் பிளே வழியாக வாங்கியிருந்தால் வசூலிப்பது கூகுள். நிறுவனத்தின் இணையதளத்தில் ரத்துப் பொத்தானே தெரியாமல் போகலாம், பிளே ஸ்டோரில்தான் செய்ய வேண்டும். செயலியைக் கைப்பேசியிலிருந்து அழித்தால் சந்தா ரத்தாவதில்லை. ஐபோனில் அமைப்புகளில் நம் பெயரைத் தொட்டால் வரும் ‘Subscriptions’ தான் இடம்.

போன பணம்

வங்கியில் கேட்டுப் பார்த்தார். பின் எண் போட்டு நீங்களே கொடுத்த அனுமதி, ஒவ்வொரு முறையும் முன்தகவலும் அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். அவர்கள் நிலைப்பாட்டில் தவறில்லை. அனுமதியில்லாமல் எடுக்கப்பட்ட பணத்துக்கான பாதுகாப்பு இதற்குப் பொருந்தாது. இதை மோசடி என்று எழுதிக் கொடுத்தால் புகார் அங்கேயே விழுந்துவிடும்.

ஆகவே நிறுவனத்துக்கே எழுதினோம். பிப்ரவரி 3ஆம் தேதி எல்லா மின்னஞ்சல்களிலிருந்தும் விலகியது, அந்தப் பக்கத்தில் கட்டணம் தொடர்வது சொல்லப்படாதது, அதன் பிறகு ரசீதே அனுப்பப்படாதது, பிப்ரவரிக்குப் பிறகு ஒருமுறைகூட உள்ளே நுழையாதது ஆகிய நான்கையும் தேதிகளோடு எழுதி, உங்கள் பதிவேட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம் என்றோம். கடைசி வாதம்தான் எடுபட்டது என்று நினைக்கிறேன். பயன்படுத்தவில்லை என்று நாம் சொல்வதைவிட, அவர்களுடைய நுழைவுப் பதிவே சொல்வது வலுவானது.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ஆம் தேதி அறிவித்த வழிகாட்டு நெறிகளையும் குறிப்பிட்டோம். இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகை வடிவமைப்புகளை அது வரையறுக்கிறது; அவற்றில் ஒன்று சந்தாப் பொறி. ரத்து செய்வதை நீண்ட, சிக்கலான வேலையாக்குவது, ரத்து வழியை மறைப்பது, அதற்கான விவரத்தைக் குழப்பமாக வைப்பது, இலவசச் சந்தாவுக்கே தானியங்கிக் கட்டண அனுமதியைக் கட்டாயமாகக் கேட்பது ஆகியவை அதில் அடங்கும். 14 நாள் இலவசத்துக்கு ஆட்டோபே கேட்டது அந்தக் கடைசி வகைக்கு மிக அருகில் வருகிறது. ரசீது அனுப்பாததற்கு அங்கே நேரடியாக இடமில்லை. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் செய்வது என்று முடிவு செய்திருந்தோம். அதற்குத் தேவை வரவில்லை.

ஐந்து மாதத்தில் இரண்டு மாதக் கட்டணத்தை, 1,598 ரூபாயை, திருப்பிக் கொடுத்தார்கள். மீதி 2,397 ரூபாய் போனதுதான். விதிமுறைகளின்படி கட்டிய கட்டணம் திருப்பித் தரப்படாது, நல்லெண்ணத்தில் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். ரசீதை அனுப்பாமல் ஐந்து மாதம் வசூலித்த ஒரு நிறுவனம் அதை நல்லெண்ணம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் ஏற்றுக்கொண்டார், புதிய வகுப்புக்கு ஆட்கள் சேரும் நேரம், இதற்கு மேல் அலைய மனமில்லை என்றார்.

ஜூலை 19ஆம் தேதி இரண்டாவது கைப்பேசியில் முன்தகவல் எதுவும் வரவில்லை. 21ஆம் தேதி வங்கி அறிக்கையை எடுத்துப் பார்த்தோம், 799 இல்லை. திட்டம் முடிந்துவிட்டது என்ற மின்னஞ்சல் வந்திருந்தது. அடுத்த வாரம் ‘திரும்பி வாருங்கள், பாதி விலை’ என்று ஒரு மின்னஞ்சல் வந்தது, பிறகு இன்னொன்று. திட்டத்தை ரத்து செய்தவர்களுக்கென்று ஒரு தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். ரத்து செய்ததுமே அதில் இவர் பெயர் ஏறியிருக்கிறது. அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த ‘Unsubscribe’ பொத்தானை இந்த முறை தயங்காமல் அழுத்தச் சொன்னேன். அடியில் இருக்கும் ‘Unsubscribe from all’ பக்கம் வேண்டாம் என்றும், கணக்கு, கட்டணம் பற்றிய செய்திகள் தொடர்ந்து வரட்டும் என்றும் சொல்லி வைத்தேன்.